நங்கநல்லூரில் திரும்பி வராதவர்கள்

"நங்கநல்லூரை விட்டுடு நீரஜா. இந்த மாசத்தோட நிறுத்திடலாம். அது ஆசாரமான இடம். அங்கே இருக்கற பொம்மனாட்டிகள் இதெல்லாம் வாங்க மாட்டா."

சொன்னவர் பத்ரிநாராயணன், என் கணவரின் மூத்த அண்ணா. பாங்கில் அதிகாரி. எங்கள் கம்பெனிக்கு முதல் போட்டவரும் அவர்தான். மாதம் ஒருமுறை கச்சேரி ரோடு சந்தில் இருக்கும் எங்கள் மாடி அறைக்கு வருவார். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பு வழங்கிவிட்டுப் போவார். என் கணவர் குருபிரசாத் அண்ணா எதிரில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அந்தக் குறையையும் சேர்த்து நான்தான் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

"வாங்க மாட்டான்னா எப்படிண்ணா? முதல் தடவை வாங்கியிருக்காளே!"

"ஏதோ ஆசைக்கு ஒரு தரம் வாங்கியிருப்பா. அப்புறம் மனசு ஒப்பலை. நானும் அங்கேதானே குடியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

'இதெல்லாம்' என்று அவர் சொன்னது நாப்கினை. கம்பெனியில் முதல் போட்ட இந்த இரண்டு வருஷத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. 'ஐட்டம்' என்பார், 'சரக்கு' என்பார், ரொம்பவும் நெருக்கினால் 'அது' என்பார்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அது 1997. மருந்துக் கடையில் நாப்கின் கேட்டால், கடையில் இருக்கும் ஆண்கள் எல்லாரும் போகும்வரை காக்க வைத்து, பழைய பேப்பரில் சுற்றி, அதன்மேல் கறுப்புப் பை போட்டு, திருட்டுச் சாமானைக் கைமாற்றுவது போல் கொடுப்பார்கள். அந்தக் கறுப்புப் பையைப் பார்த்தாலே தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும் என்பது வேறு கதை. இந்தக் கூத்தே வேண்டாம் என்றுதான் நானும் கைசர் ஜஹான் அக்காவும் தொழிலை ஆரம்பித்தோம். போன் செய்தால் போதும், காக்கி உறையில் வீட்டுக்கே வந்துவிடும்.

கைசர் அக்காவுக்கு ராயப்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. பஞ்சும் மெல்லிய துணியும் வாங்கி அங்கேயே செய்தாள். நங்கநல்லூர் ஆர்டரை நம்பி இரண்டாவது மெஷினை வாங்கி, புதிதாக நாலு பெண்களை வேலைக்குச் சேர்த்திருந்தாள். இரண்டு பேர் கணவனை இழந்தவர்கள், ஒருத்தி கணவனை விட்டு வந்தவள், ஒருத்தி அதுவரை வீட்டு வாசலைத் தாண்டாதவள். நங்கநல்லூர் கைவிட்டுப் போனால் அந்த நாலு பேரும் போக வேண்டியதுதான். மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் பழைய மெஷினே தாராளம்.

அண்ணா மாடிப்படி இறங்கிப் போனதும் கைசர் அக்கா கேட்டாள். "இன்னா நீரஜா, உங்க மச்சினரு சொல்றது மெய்யா? ஆசாரம் கீசாரம்னு?"

"எனக்குத் தெரியாதுக்கா. எண்ணிப் பாத்துடலாம்."

எண்ணுவது எனக்குப் பழக்கம். கல்யாணத்துக்கு முன் ஒரு மார்க்கெட் சர்வே கம்பெனியில் வேலை பார்த்தவள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போட்டிருந்தேன். பெயர், முகவரி, பின்கோடு, எந்தெந்தத் தேதியில் ஆர்டர் என்று அதில் இருக்கும். நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு எல்லா அட்டைகளையும் தரையில் கொட்டி, பின்கோடு வாரியாகப் பிரித்தோம். போனைக் கவனித்துக்கொண்டிருந்த சிம்ரா, கைசர் அக்காவின் தங்கை மகள், தாண்டித் தாண்டி நடந்தாள்.

நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். முதல் தடவை வாங்கியவர்களில் எத்தனை பேர் எட்டு வாரத்துக்குள் இரண்டாம் தடவை வாங்கினார்கள்? மாதாமாதம் தேவைப்படும் பொருள். பிடித்திருந்தால் எட்டு வாரத்துக்குள் போன் வந்தே தீர வேண்டும். முதல் ஆர்டர் கொடுத்து இன்னும் எட்டு வாரம் ஆகாதவர்களின் அட்டைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். போன வாரம் வாங்கியவளை 'திரும்பி வரவில்லை' என்று எண்ணுவது அநியாயம். புது ஆர்டர் அதிகமாக வரும் இடம்தான் அந்த அநியாயத்தில் அதிகம் அடி வாங்கும்.

மயிலாப்பூரில் நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் திரும்பி வந்திருந்தார்கள். தி.நகரில் ஐம்பத்தெட்டு, அடையாறில் அறுபத்தைந்து. கோபாலபுரத்தில் இருந்ததே ஏழெட்டு அட்டை. அதற்குச் சதவீதம் போடுவது வெட்டி வேலை என்று ஒதுக்கினேன்.

நங்கநல்லூரில் தொண்ணூறு பேர் முதல் தடவை வாங்கியிருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் ஒன்பது பேர்.

கைசர் அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "அப்ப அவரு சொன்னதுதான் கரீட்டா?"

அட்டைகளில் இருந்த தேதிகளை மறுபடி பார்த்தேன். அந்தத் தொண்ணூறு அட்டைகளும் ஜூனுக்குப் பிறகு சேர்ந்தவை. அதற்கு முன்னாலும் நங்கநல்லூரில் விற்றிருக்கிறோம். அப்போது கொரியர் கிடையாது. கைசர் அக்காவின் கணவர் ஷரீஃப் பாய் தன் மொபெட்டில் எடுத்துப் போய், "மயிலாப்பூர்லேருந்து பார்சல்மா" என்று அந்தந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிட்டு வருவார். ஆர்டர் பெருகியதும் மொபெட் தாங்கவில்லை. மற்ற இடங்களுக்குப் போய்க்கொண்டிருந்த கொரியர் கம்பெனியிடமே நங்கநல்லூரையும் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு செய்தவர் பத்ரி அண்ணா.

ஷரீஃப் பாய் காலத்து அட்டைகளைத் தனியே எண்ணினேன். நாற்பது பேர். எட்டு வாரத்துக்குள் திரும்பி வந்தவர்கள் இருபத்துநாலு. மயிலாப்பூருக்குக் கொஞ்சமும் குறைவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த இருபத்துநாலு பேரும் ஷரீஃப் பாய் வந்தவரை ஒழுங்காக வாங்கியிருந்தார்கள். கொரியரில் ஒரே ஒரு தடவை வாங்கியபின் பெரும்பாலானோர் நின்றுபோனார்கள்.

"அக்கா, அதே தெரு, அதே பொம்பளைங்க, அதே நாப்கின். ஜூன் மாசத்துல திடீர்னு ஆசாரம் வந்துடுமா?"

"வராது!" என்றாள் கைசர் அக்கா. எனக்கு முன்னால் அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

அட்டைகளை அடுக்கும்போதுதான் அந்த ஒன்றைப் பார்த்தேன். வசுமதி, மூன்றாவது தெரு, நங்கநல்லூர். பத்ரி அண்ணாவின் மனைவி. என் ஓர்ப்படி. என்னிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். கேட்க மாட்டாள். அவளே போன் செய்து, ஊரார் மாதிரி ஆர்டர் கொடுத்து, ஒரே ஒரு தடவை வாங்கியிருந்தாள். ஜூலையில். அப்புறம் ஒன்றுமில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கொரியர் கம்பெனி ஆபீஸ் பனகல் பார்க்குக்குப் பின்னால். மேனேஜர் வேதாந்தம் எங்களை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, ஒரு கம்ப்யூட்டர் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"பாருங்க மேடம். உங்க ஏரியாலேயே பெஸ்ட் நங்கநல்லூர்தான். ஹண்ட்ரட் பர்சென்ட் டெலிவரி. ஒரு ரிட்டர்ன் கூட இல்ல."

"மயிலாப்பூர்ல?"

"அங்க வாரத்துக்கு ஏழெட்டு ரிட்டர்ன் வரும். டோர் லாக்டு. நீங்கதானே சொன்னீங்க, பேர் இருக்கிறவங்க கையிலதான் தரணும், இல்லேன்னா மறுநாள் திரும்பப் போகணும்னு? பசங்க அப்படித்தான் செய்யறாங்க."

"மயிலாப்பூர்ப் பொம்பளைங்க கோயிலுக்குப் போறாங்க, ஆபீஸுக்குப் போறாங்க. நங்கநல்லூர்ல மட்டும் யாருமே வீட்டை விட்டு நகர்றதில்லையா சார்? மூணு மாசமா ஒரு வீடு கூடவா பூட்டியிருக்கல?"

வேதாந்தம் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, முதல் தடவையாகப் பார்ப்பது போல் பார்த்தார்.

"அது வந்து மேடம்... அந்தப் பக்கம் நம்ம பசங்க போறதில்ல. சைதாப்பேட்டையோட சரி. அதுக்கு மேல பொன்ராஜ்னு ஒரு ஏஜென்ட். சைக்கிள்ல போவாரு. ஆலந்தூர்லேருந்து மடிப்பாக்கம் வரைக்கும் அவர்தான்."

"ஒரே ஆளா?"

"கையெழுத்து போட்ட ஸ்லிப்புக்கு இவ்வளவுன்னு கணக்கு. ஸ்லிப் கரெக்டா வந்துடுது. யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலியே மேடம். ஒருத்தர் கூடப் பண்ணல."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. "எப்படிப் பண்ணுவாங்க? போன் எடுத்து, 'என் நாப்கின் சரியா வரலை'ன்னு உங்ககிட்ட சொல்லுவாங்களா? நீங்க கேட்டுப்பீங்களா?"

அவர் காதோரம் சிவந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம்.

மாம்பலத்தில் ரயில் ஏறிப் பழவந்தாங்கலில் இறங்கினோம். திரும்பி வராதவர்களின் அட்டைகள் என் பையில் இருந்தன. முதல் வீட்டில் கதவைத் திறந்த ஆள், நாங்கள் சொன்ன கம்பெனிப் பெயரைக் கேட்டதும் சாத்திவிட்டார். இரண்டாவது வீட்டில், "அப்படியெல்லாம் இங்கே யாரும் வாங்கலை" என்று ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகவே சொன்னார். மூன்றாவது வீட்டில் ஹம்சினி என்ற பள்ளி ஆசிரியை கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளே கேட் வரை வந்தாள். வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசினாள்.

"சாமான் ரொம்ப நன்னாத்தான் இருந்தது. ஒரு குறையும் இல்லை."

"அப்புறம் ஏன் வாங்கலை?"

"மாமனார் எடுத்துண்டு வந்தார்." உலர்ந்த துணியை இறுக்கி மடித்தாள். "பூத்துலேருந்து. கூடத்துல எல்லாரும் இருக்கச்சே என் முன்னாடி வெச்சார். ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தா தேவலை."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். என் கண் கலங்கிவிட்டது. கைசர் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "அழுவறதுக்கு நேரம் இல்ல. அந்த பூத்து எங்க கீதுன்னு பாக்கலாம் வா."

கோயிலுக்குப் போகும் வழியில், பால் டெப்போவை ஒட்டி இருந்தது அந்த எஸ்.டி.டி. பூத். நடத்துபவர் பெயர் ரகுபதி. கண்ணாடிக் கூண்டுக்குள் யாரோ துபாய்க்கு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல், டெலிபோன் டைரக்டரிக்குப் பக்கத்தில், எங்கள் காக்கி உறைகள் குவிந்திருந்தன. வெளியே பெஞ்சில் நாலைந்து ஆண்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் போன் பேச வந்தவர்கள் போல் நின்றோம். குடை வைத்திருந்த ஒருவர் தெருவில் போனார்.

"சார்! உங்க வூட்டுக்குப் பார்சல் வந்துகீது!" ரகுபதி ஓர் உறையை எடுத்து ஸ்லிப்பைப் படித்தார். "நாப்கினாம். உங்க மருமவ பேருக்கு."

பெஞ்சில் பேப்பர்கள் தாழ்ந்தன. குடைக்காரர் அந்த உறையைக் குடைக்குள் சொருகிக்கொண்டு, வந்த வழியே வேகமாகப் போனார்.

ஸ்லிப்பில் 'உள்ளே இருப்பது' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விடக் கூடாது, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று கொரியர் ஏற்பாட்டின்போது சட்டம் பேசியவரும் பத்ரி அண்ணாதான். பாங்க் மனுஷருக்குக் காலிக் கட்டம் ஆகாது. மயிலாப்பூரில் உறை நேராக அந்தந்தப் பெண்ணின் கைக்கே போனதால் அதை யாரும் படிக்கவில்லை.

"இதையெல்லாம் யாரு இங்க வெக்கிறது?" என்று கைசர் அக்கா கேட்டாள்.

"பொன்ராஜ். காலீல மொத்தமா வச்சிட்டுப் பூடுவாரு. பாவம், ஒண்டி ஆளு. இங்க தெரு நம்பரும் வூட்டு நம்பரும் பிரம்மாவுக்கே புரியாது. நானே கையெழுத்து போட்டு வாங்கிக்குவேன். எல்லா வூட்டு சாரும் பால் வாங்க வருவாங்கல்ல, குடுத்துடுவேன்." ரகுபதிக்கு உதவி செய்கிறோம் என்ற பெருமை முகமெல்லாம் வழிந்தது. "ஒரு பார்சலும் மிஸ் ஆனதில்லம்மா. மூணாவது தெரு பாங்க் சாருகூட இங்கதான் வந்து வாங்கிக்கினு போனாரு. நான் படிச்சதும் மொகம் அப்படியே செவந்து பூடுச்சு. பெஞ்சில எல்லாம் அவரு கூட வாக்கிங் போறவங்க."

கைசர் அக்கா என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து வசுமதியின் அட்டையை எடுத்து மேலே வைத்துக்கொண்டேன். பிறகு மேஜையில் இருந்த எங்கள் உறைகளையெல்லாம் அள்ளினேன்.

"மேடம், மேடம், அது வேற வேற வூட்டுது!"

"தெரியும். அனுப்பினதே நாங்கதான்."

அந்த உறைகளை ஒவ்வொரு வீடாகக் கொடுத்துக்கொண்டே மூன்றாவது தெருவுக்குப் போனோம். பெண்கள் கையில் மட்டும். ஒரு வீட்டில் ஆண் வந்து கை நீட்டியபோது கைசர் அக்கா உறையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "வூட்டுல அம்மா இல்லியா? அப்ப நாளைக்கு வரோம்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஆள் திகைத்து நின்றதைப் பார்க்க வேண்டுமே!

பத்ரி அண்ணா ஈஸிசேரில் இருந்தார். சனிக்கிழமை பாங்க் அரை நாள். கைசர் அக்காவைப் பார்த்ததும் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். வசுமதி மன்னி எங்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, சமையலறை நிலைப்படியில் நின்றாள்.

நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மயிலாப்பூரில் நூற்றுக்கு அறுபத்திரண்டு, இங்கே தொண்ணூறில் ஒன்பது, அதே இடத்தில் ஷரீஃப் பாய் கொடுத்தபோது நாற்பதில் இருபத்துநாலு. கொரியர் தாளில் ஒரு ரிட்டர்னும் இல்லாத அதிசயம். பூத்.

"பழக்கமில்லாத ஊர்லே ஏதோ பூத்துலே வெச்சிருக்கான். சொல்லித் திருத்திக்கலாம்" என்றார் அவர். "அதுக்காக அடிப்படையையே மாத்திச் சொல்லக் கூடாது. இந்த ஊர்ப் பொம்மனாட்டிகளுக்கு இதுலே இஷ்டம் இல்லை. நம்ம ஆத்தையே எடுத்துக்கோ..."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல்லிவிட்டார்.

"எடுத்துண்டேண்ணா." வசுமதியின் அட்டையை அவர் முன்னால் வைத்தேன். "ஜூலையிலே ஒரு தரம். அந்தப் பார்சலை பூத்துலேருந்து வாங்கிண்டு வந்தது யாரு?"

அண்ணா அட்டையைப் பார்த்தார், அதைத் தொடவில்லை.

"அத்தனை பேர் முன்னாடி அவன் சத்தமாப் படிச்சான்" என்றார் மெதுவாக. "எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

அவருக்கும் வலித்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வலியைக் கொண்டுவந்து அவர் யார் தலையில் இறக்கினார் என்பதுதான் என் கேள்வி. அதைக் கேட்க வாயெடுப்பதற்குள் நிலைப்படியிலிருந்து குரல் வந்தது.

"எனக்கு எப்படி இருந்ததுன்னு நீங்க கேக்கலையே" என்றாள் வசுமதி மன்னி.

இருபது வருஷ தாம்பத்தியத்தில் மூன்றாம் மனிதர் முன்னால் அவள் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதோடு நிறுத்தவுமில்லை.

"'இனிமே இந்த மாதிரி சாமானெல்லாம் இந்த ஆத்துக்கு வரப்படாது'ன்னு சொன்னேள். சரின்னேன். எனக்கு வேண்டாம்னு நான் சொன்னேனா? ஸ்நேஹாவுக்குப் பதினாலு வயசு. அவ இன்னும் பழைய புடவையைக் கிழிச்சு வெச்சுண்டு ஸ்கூலுக்குப் போறா. மாசத்துலே மூணு நாள் வயத்து வலின்னு சொல்லி லீவு போடறா. ஆசாரமாம், ஆசாரம்!"

சொல்லிவிட்டு நேராகக் கூடத்தின் நடுவுக்கு வந்தாள். டெலிபோன் அண்ணாவின் ஈஸிசேருக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் கைக்குமேல் எட்டி அதை எடுத்து, மனப்பாடமாக நம்பரைச் சுழற்றினாள். ஜூலைக்குப் பிறகும் அந்த நம்பரை அவள் மறக்கவில்லை. தெருப் பக்கத்து ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

"ஹலோ, மயிலாப்பூரா? ஆமா, ஆர்டர்தான். நாப்கின்." ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திச் சொன்னாள். "நாப்கின். ரெண்டு பாக்கெட் எனக்கு, ரெண்டு பாக்கெட் என் பொண்ணுக்கு. வசுமதி, மூணாவது தெரு, நங்கநல்லூர். பூத்துலே வெக்கப்படாது. ஆத்துக்கே கொண்டு வரணும். இவர்கிட்டே கொடுக்கப்படாது, என் கையிலே தரணும். மாசாமாசம் அனுப்பணும்."

மறுமுனையில் சிம்ரா அட்டையைத் தேடியிருப்பாள். அட்டை இங்கே அண்ணாவின் முன்னால் கிடந்தது.

பத்ரி அண்ணா எழுந்து ஜன்னலருகே போனார். சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். சாத்தவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொரியரை நிறுத்திடறேன்" என்றார், திரும்பாமலே.

"இங்க மட்டும் நிறுத்துங்க சார், போதும். மயிலாப்பூர்ல அவனுங்க நல்லாத்தான் குடுக்கறானுங்க" என்றாள் கைசர் அக்கா. "இங்கத்துக்கு ஷரீஃப் பழையபடி வருவாரு. கூட நம்ம பொண்ணுங்கள்ல ரெண்டு பேரை அனுப்பறேன். சைக்கிள் கத்துக்கினா மூணு மாசத்துல மடிப்பாக்கம் வரிக்கும் போய்க்கினு வருவாங்க."

"பொண்கள் சைக்கிள்லே இதைத் தூக்கிண்டு..." என்று ஆரம்பித்த அண்ணா, மன்னி பக்கம் பார்த்துவிட்டு, பாதியில் விட்டார்.

நான் பேனாவைத் திறந்து, வசுமதியின் அட்டையில் ஜூலைத் தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினேன். முதல் ஆர்டருக்கு எட்டு வாரம் எப்போதோ தாண்டிவிட்டது. நானே போட்ட விதிப்படி அவள் திரும்பி வந்தவர்களில் சேர மாட்டாள். சேர்த்துக்கொண்டேன். தொண்ணூறில் பத்து.